கம்பியின் நடுவில் மின்னூட்டத்தை வைத்தால் ஏன் 900, கூட்டினால் ஏன் 1200?

"அண்ணா, 20 செ.மீ. நீள பிளாஸ்டிக் கம்பியில் 4 nC சீராகப் பரவியிருக்கிறது. அதன் அச்சில், கம்பிக்கு வெளியே, ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் புள்ளியில் மின்புலம் எவ்வளவு என்று கேள்வி. மொத்த மின்னூட்டத்தையும் கம்பியின் நடுவில் வைத்து 900 N/C என்று போட்டேன். விடை 1200 என்கிறார்கள். நிறை மையம் மாதிரி நடுவில் வைத்தால் ஏன் தப்பு? dq என்று துண்டு போட்டு எதற்காகக் கூட்ட வேண்டும்? யுஎஸ்எம் முதலாண்டு, பினாங்கு."

தம்பி, உங்களுக்கு வந்த 900 வேறொரு கேள்விக்குச் சரியான விடை. அந்தக் கம்பியைச் சரிபாதியாக வெட்டி, தூரத்துப் பாதியை எறிந்துவிட்டு, கிட்ட இருக்கும் பாதியை மட்டும் வைத்தால் அந்தப் புள்ளியில் மின்புலம் சரியாக 900 N/C. எறிந்த பாதி இன்னொரு 300 தந்திருக்கும். நடுவில் வைத்துப் போட்ட கணக்கில் கம்பியின் பாதியே காணாமல் போன அளவுக்குக் குறைகிறது, அதனால் இதைச் சின்னத் தோராயப் பிழை என்று விட முடியாது. இந்த 900-உம் 300-உம் எப்படி வந்தன என்பது கீழே தானாகவே வரும்.

முதலில் நிறை மையம். எடையைக் கணக்கிடும்போது எல்லாவற்றையும் நடுவில் வைப்பது ஏன் சரியாக வருகிறது? ஒரு கம்பியின் இந்த முனையிலும் g அதேதான், அந்த முனையிலும் அதேதான். ஒவ்வொரு துண்டும் எங்கே இருந்தாலும் அதன் எடை மாறாது, அதனால் மொத்தத்தையும் ஒரே இடத்தில் குவித்தாலும் கூட்டுத்தொகை கெடாது. மின்புலத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு துண்டு தரும் புலம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், ஆகவே துண்டை நகர்த்தினாலே அதன் பங்கு மாறிவிடும். சீராக மின்னூட்டம் பெற்ற கோளத்துக்கு வெளியே மட்டும் மையத்தில் வைத்தால் சரியாக வரும்; அது கோளத்தின் வடிவத்தால் கிடைக்கும் விசேஷம், கம்பிக்கு அது இல்லை. பள்ளியில் கோளத்தைப் பார்த்துப் பழகியதால்தான் பலருக்கும் கம்பியிலும் கை தானாக நடுவுக்குப் போகிறது.

பினாங்குப் பாலத்தில் நெரிசல் நேரத்தை நினைத்துப் பாருங்கள். பிறைப் பக்கத்து முனையில் நீங்கள் நிற்கிறீர்கள், வரிசையில் நிற்கும் எல்லாக் கார்களும் ஒன்றாக ஹாரன் அடிக்கின்றன. காதைப் பிளப்பது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நாலைந்து கார்கள்தான், நடுப்பாலத்துக் கார்கள் அநேகமாகக் கேட்காது. எல்லாக் கார்களையும் நடுப்பாலத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் மொத்தச் சத்தம் அதே இருக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

சரி, இப்போது எண்களோடு போவோம். k = 9×10⁹ என்று வைத்துக்கொள்வோம். Q = 4 nC, அதனால் kQ = 36. கம்பியின் நடு, நம் புள்ளியிலிருந்து 0.20 மீ. தூரத்தில்: 36/0.04 = 900. இது நீங்கள் போட்டது.

கம்பியை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் 2 nC, ஒவ்வொன்றையும் அதனதன் நடுவில் வையுங்கள். தூரங்கள் 0.15, 0.25. பங்குகள் 18/0.0225 = 800, 18/0.0625 = 288. மொத்தம் 1088. ஒரே ஒரு வெட்டு, அதற்கே 188 ஏறிவிட்டது.

நான்காக வெட்டினால் ஒவ்வொன்றிலும் 1 nC, தூரங்கள் 0.125, 0.175, 0.225, 0.275. பங்குகள் முறையே 576, 294, 178, 119. மொத்தம் ஏறக்குறைய 1167. இந்த நான்கு எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நான்கிலும் ஒரே அளவு மின்னூட்டம், ஆனால் கிட்ட இருக்கும் துண்டு கடைசித் துண்டைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தருகிறது. பத்தாக வெட்டினால் மொத்தம் 1194. நூறாக வெட்டினால் 1199.94. கையால் கூட்ட வேண்டாம், இதை ஓட்டிப் பாருங்கள், n-ஐ மட்டும் மாற்றினால் போதும்:

```python
k, Q, L, a, n = 9e9, 4e-9, 0.20, 0.10, 100
d = L / n
E = 0
for i in range(n):
    r = a + (i + 0.5) * d
    E += k * (Q / n) / r**2
print(E)
```

ஒவ்வொரு முறையும் விடை 1200-க்குக் கீழேயே நின்று மேலே ஏறுகிறது, ஒருமுறைகூட அதைத் தாண்டவில்லை, கவனித்தீர்களா? அதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு துண்டின் மின்னூட்டத்தை அதன் நடுவில் குவிக்கும்போது, கிட்ட இருந்த பாதியைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறோம், தள்ளி இருந்த பாதியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவருகிறோம். இரண்டும் ஒரே தூரம் நகர்ந்தாலும், கிட்ட இருந்தது இழப்பது தூர இருந்தது பெறுவதைவிட எப்போதும் அதிகம், 1/r² வளைவு கிட்டப் போகப் போகச் செங்குத்தாக ஏறுவதால். ஆகவே நடுவில் குவிக்கும் ஒவ்வொரு தடவையும் நமக்கு நஷ்டம். துண்டு சின்னதாக ஆக ஆக இந்த நஷ்டம் வேகமாகக் குறைகிறது: துண்டுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் பிழை ஏறக்குறைய கால்வாசி ஆகிவிடும். 300, 112, 33 என்று இறங்கியதைப் பார்த்தாலே தெரியும், தொடக்கத்தில் சற்று மெதுவாக, அப்புறம் அந்தக் கால்வாசிக்கு நெருங்கி வருகிறது.

dq என்று துண்டு போடுவது இதற்காகத்தான். துண்டு அளவுக்குமேல் நீளமாக இருந்தால் "இந்தத் துண்டு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை இல்லை. மிகச் சிறிதாக இருந்தால் உண்டு. கூலும் விதி புள்ளி மின்னூட்டத்துக்குச் சொன்ன விதி, கம்பிக்கு அதை நேரடியாகப் போட நமக்கு உரிமை இல்லை, புள்ளி மாதிரி நடந்துகொள்ளும் துண்டுகளாக ஆக்கிய பிறகுதான் போடலாம்.

இனி, இந்தக் கூட்டலை முடிவில்லாமல் செய்யாமல் சரியான 1200-ஐ எப்படிப் பிடிப்பது? தொகையிடல் விதியை மனப்பாடமாகப் போட்டு நேராக விடைக்குப் போய்விடலாம், ஆனால் அதற்கு முன் ஒரு அழகான வழி இருக்கிறது. வெறும் பின்னக் கழித்தல் தெரிந்தால் போதும், எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிட்ட முனை r₁ தூரத்திலும் தூர முனை r₂ தூரத்திலும் இருக்கின்றன. ஒரு மீட்டர் நீளத்துக்கு λ = Q/L மின்னூட்டம் என்றால், துண்டில் இருப்பது λ(r₂ − r₁). இந்த மின்னூட்டத்தை எந்தத் தூரத்தில் இருப்பதாக வைப்பது? நடுவில் வைத்தால் எப்போதும் குறைகிறது என்று பார்த்தோம். அதனால் நடுவை விட்டுவிட்டு √(r₁r₂) தூரத்தில், அதாவது இரு தூரங்களின் பெருக்குச் சராசரியில் வைத்துப் பாருங்கள். அது நடுவைவிடச் சற்றே கிட்ட இருக்கும். அப்போது துண்டின் பங்கு:

kλ(r₂ − r₁)/(r₁r₂) = kλ(1/r₁ − 1/r₂)

இப்போது அடுத்த துண்டு. அது r₂-வில் தொடங்கி r₃-இல் முடிகிறது, பங்கு kλ(1/r₂ − 1/r₃). இரண்டையும் கூட்டினால் 1/r₂ அடிபட்டுப் போகிறது. மூன்றாவதைச் சேர்த்தால் 1/r₃ அடிபடும். இப்படியே வரிசை முழுவதும் நடுவில் உள்ளவை எல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டு, முதல் தூரமும் கடைசித் தூரமும் மட்டும் மிஞ்சும்:

E = kλ(1/a − 1/(a + L)) = kQ/(a(a + L))

a என்பது கிட்ட முனையிலிருந்து புள்ளிவரை உள்ள தூரம். நம் எண்களைப் போடுங்கள்: 36/(0.10 × 0.30) = 1200.

பெருக்குச் சராசரியை நாமே நம் வசதிக்காகத் தேர்ந்தெடுத்தோம், அதனால் வந்த விடை உண்மையா என்று சந்தேகம் வரவேண்டும். வந்தால் நல்லது. அதைத் தீர்ப்பது இப்படி. ஒரு துண்டின் உண்மையான பங்கு, அதன் மின்னூட்டம் முழுவதும் கிட்ட முனையில் இருந்தால் வருவதைவிடக் குறைவு, தூர முனையில் இருந்தால் வருவதைவிட அதிகம். பெருக்குச் சராசரியும் இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில்தான் விழுகிறது. ஆக உண்மையான மொத்தமும் நம்முடைய மொத்தமும் ஒரே மேல்வரம்புக்கும் ஒரே கீழ்வரம்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டவை. பத்துத் துண்டுகள் போட்டால் அந்த இரு வரம்புகளுக்கும் இடைவெளி 320 N/C. ஆயிரம் துண்டுகள் போட்டால் 3.2. பத்து லட்சம் போட்டால் 0.0032. இடைவெளி பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கிக்கொண்டே போகிறது, நம் மொத்தமோ துண்டுகளின் எண்ணிக்கை எதுவானாலும் 1200-இலேயே நிற்கிறது. உண்மையான விடை 1200-ஐத் தவிர வேறாக இருந்தால் என்றாவது ஒரு நாள் அந்த இடைவெளிக்கு வெளியே விழுந்துவிடும். அதற்கு வழியில்லை.

முதலில் சொன்ன பாதிக் கணக்கும் இதே சூத்திரத்தில் வருகிறது. கிட்டப் பாதி, 2 nC, 0.10-இலிருந்து 0.20 வரை: 18/(0.10 × 0.20) = 900. தூரப் பாதி, 0.20-இலிருந்து 0.30 வரை: 18/(0.20 × 0.30) = 300.

இன்னொன்றும் இதிலிருந்து தெரிகிறது. மொத்த மின்னூட்டத்தையும் ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டீர்கள் அல்லவா, அப்படி ஓர் இடம் உண்மையிலேயே உண்டு. √(0.10 × 0.30) = 0.173 மீ., நடுவைவிட ஏறக்குறைய 2.7 செ.மீ. கிட்ட. ஆனால் புள்ளியை நகர்த்தினால் அந்த இடமும் நகர்ந்துவிடும், அதனால் நிறை மையம்போல் கம்பிமேல் ஒரு நிரந்தரக் குறி போட்டு வைத்துக்கொள்ள முடியாது.

தொகையிடல் குறியீட்டில் எழுதினால் இதே கூட்டல்தான். தேர்வில் இப்படி எழுதுங்கள்: புள்ளியையே தொடக்கமாக வையுங்கள், கம்பியின் ஒரு துண்டு r தூரத்தில், dq = λ dr, dE = kλ dr/r², r = a-விலிருந்து r = a + L வரை. எல்லாத் துண்டுகளின் புலமும் அச்சு வழியே ஒரே திசையில் இருப்பதால் கூறுகளாகப் பிரிக்கவே வேண்டாம், அளவுகளை நேரடியாகக் கூட்டலாம். புள்ளி கம்பிக்குப் பக்கவாட்டில் இருந்தால் இந்தச் சுகம் கிடையாது. Q நேர்மின்னூட்டமாக இருந்தால் திசை கம்பியை விட்டு வெளியே, எதிர்மின்னூட்டமாக இருந்தால் கம்பியை நோக்கி. இதை விடையில் எழுதாமல் விட்டால் மதிப்பெண் போகும்.

தப்பு நடந்தால் விடையைப் பார்த்தே எங்கே என்று கண்டுபிடிக்கலாம். உங்களுக்கு 240 வந்தால், dq = λ dr என்று எழுதுவதற்குப் பதில் dq = Q dr என்று எழுதிவிட்டீர்கள், L-ஆல் வகுக்கவில்லை; அலகைச் சரிபார்த்தாலும் N/C வராது. விடை முடிவிலி ஆகிறது என்றால் எல்லையை 0-விலிருந்து L வரை போட்டு 1/r²-ஐத் தொகையிட்டிருக்கிறீர்கள், அதாவது புள்ளியைக் கம்பியின் முனைமேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். எதிர்க்குறியோடு 1200 வந்தால் பெரும்பாலும் தொடக்கத்தைக் கம்பியின் தூர முனையில் வைத்து, தூரத்தை L + a − x என்று சரியாகவே எழுதி, தொகையிடும்போது x-க்கு முன்னால் இருக்கும் கழித்தல் குறியை மறந்திருப்பீர்கள். 900 வந்தால் r-ஐ மாறிலி மாதிரி வெளியே எடுத்துவிட்டீர்கள். இவற்றில் கடைசித் தப்புதான் அதிகம் பார்க்கிறேன், ஏனென்றால் அது பார்வைக்கு ஒழுங்கான தொகையிடல் மாதிரியே இருக்கும்: ∫dq = Q என்று முடித்துவிட்டு r-க்கு நடுத்தூரத்தைப் போட்டிருப்பார்கள்.

அப்படியானால் நடுவில் வைப்பது எப்போதுமே கூடாதா? கூடும், தூரம் போதுமானால். புள்ளியின் தூரத்தைக் கம்பியின் நடுவிலிருந்து d என்று அளந்தால் a(a + L) என்பது d² − L²/4 ஆகிறது. அதாவது உண்மையான புலம், நடுவில் வைத்துப் போட்ட புலத்தைப்போல் 1/(1 − (L/2d)²) மடங்கு. நம் கணக்கில் L/2d = 1/2, அதனால் 1/(1 − 1/4) = 4/3, அதுதான் 900-க்கும் 1200-க்கும் உள்ள விகிதம். நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளிப் போனால் L/2d = 1/10, வித்தியாசம் வெறும் 1 சதவீதம். கம்பியின் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு தூரம் போய்விட்டால் கம்பியைப் புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம், ஆய்வுக்கூடக் கருவிகளின் பிழைக்குள் அது மறைந்துவிடும். உங்கள் கேள்வியில் புள்ளி கம்பியின் அரை நீளத்துக்கு அருகிலேயே வைக்கப்பட்டதே, அந்த எளிய வழி வேலை செய்யாமல் போகவேண்டும் என்பதற்காகத்தான்.

எதிர்ப்பக்கம், முனைக்கு மிக நெருக்கமாகப் போனால் என்ன? a = 1 மி.மீ. என்று போடுங்கள்: 36/(0.001 × 0.201), கிட்டத்தட்ட 1.79×10⁵ N/C. இந்த இடத்தில் கம்பியின் நீளம் ஒரு பொருட்டே இல்லை. kλ/a என்று மட்டும் போட்டாலும் 1.80×10⁵ வருகிறது, கம்பி முடிவில்லாமல் நீண்டிருந்தாலும் இதே அளவுதான். ஆனால் இந்த எண்ணை நிஜக் கம்பிக்குச் சொல்லிவிடாதீர்கள். சூத்திரம் கம்பியைத் தடிமன் இல்லாத கோடாக நினைக்கிறது. 1 செ.மீ. தடிமனுள்ள கம்பியின் முனையில் 1 மி.மீ. தள்ளி நின்றால், மின்னூட்டம் அச்சில் இல்லை, சுற்றிலும் மேற்பரப்பில் பரவியிருக்கிறது, அதன் பெரும்பகுதி அந்த 1 மி.மீ.-ஐவிடத் தள்ளித்தான் இருக்கிறது. a என்பது தடிமனைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும்வரைதான் சூத்திரத்தை நம்பலாம். 10 செ.மீ. தூரத்தில், விரல் அளவு கம்பிக்குக் கவலையில்லை.

கேள்வியில் பிளாஸ்டிக் கம்பி என்று எழுதியிருப்பதும் சும்மா இல்லை. உலோகக் கம்பியாக இருந்தால் மின்னூட்டம் நகர்ந்துபோய் முனைகளில் கூடுதலாகச் சேர்ந்துவிடும், λ ஒரே அளவாக இருக்காது, மேலே போட்ட அடிபடும் கணக்கு அப்படியே செல்லாது. கிட்ட முனையில் எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவுக்கு அதன் பங்கு கூடும்: மொத்த 4 nC-யும் கிட்டப் பாதியில் மட்டும் சீராகப் பரவியிருந்தால் 1800, தூரப் பாதியில் மட்டும் இருந்தால் 600. ஒரே கம்பி, ஒரே மின்னூட்டம், பரவல் மாறினால் மூன்று மடங்கு வித்தியாசம்.

வீட்டில் செய்து பார்க்க ஆசை வந்தால் ஒரு பிவிசி குழாயைத் துணியால் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு அருகில் கொண்டுபோங்கள், ஆனால் அதை வைத்து 1200-ஐச் சரிபார்க்க நினைக்காதீர்கள். கையால் தேய்க்கும்போது தேய்த்த இடத்தில்தான் மின்னூட்டம் சேரும், கை பிடித்த பக்கம் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது, அதனால் சீரான பரவல் கிடையாது. அதோடு பினாங்கின் ஈரக் காற்றில் குழாயின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படிந்து, சேர்ந்த மின்னூட்டம் சீக்கிரமே கசிந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் காகிதம் அசையவே அசையாது. கொஞ்ச நேரம் ஏர்கோன் ஓடிய அறையில், குழாயையும் துணியையும் ஹேர் டிரையரால் காயவைத்துவிட்டுத் தேய்த்தால் துணுக்குகள் தாவி ஒட்டுவதைப் பார்க்கலாம். தேய்த்த முனையைக் காட்டும்போதும், குழாயைத் திருப்பிக் கை பிடித்த முனையைக் காட்டும்போதும் எவ்வளவு தூரத்தில் காகிதம் அசையத் தொடங்குகிறது என்று அளந்து பாருங்கள்.

அடுத்து உங்கள் பயிற்சித் தாளில் λ = cx என்று, ஒரு முனையிலிருந்து ஏறிக்கொண்டே போகும் பரவல் வரக்கூடும். அங்கே r-ஐயும் x-ஐயும் ஒரே எழுத்தாகக் குழப்பாமல், x கம்பியின் எந்த முனையிலிருந்து அளக்கப்படுகிறது என்று படத்தில் முதலில் குறித்துவிட்டு, dq = cx dx என்று எழுதி ஆரம்பியுங்கள். விடையில் ஒரு மடக்கை வரும். வரவில்லை என்றால் λ-வைத் தொகையிடலுக்கு வெளியே எடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.